நிச்சயத்துக்கும் முதல் ராத்திரிக்கும் நடுவுல: தொடுறத பத்தி ரெண்டு பேரும் எப்படி பேசிக்கறது

வீட்ல பாத்து முடிவு பண்ற கல்யாணத்துல நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல மூணு மாசமோ ஆறு மாசமோ கிடைக்குது. அந்த நாள்ல போன்ல பேசாத விஷயமே கிடையாது, எந்த ஊர்ல குடித்தனம், வேலைய தொடரலாமா, உங்க அம்மா கோவக்காரங்களா, தங்கச்சி படிப்பு செலவு யாரு பாக்கறதுன்னு எல்லாத்தையும் பேசிடுவாங்க. ஆனா கல்யாணத்தன்னைக்கு ராத்திரி கதவ சாத்தினதுக்கு அப்புறம் என்னங்கற ஒண்ண மட்டும் ரெண்டு பேரும் சேந்து விட்டுடுவாங்க. அவரே பேசட்டும்னு அவ இருப்பா, இத எடுத்தா நம்மள தப்பா நினைச்சுப்பாளோன்னு அவன் இருப்பான், கடைசில ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாம அந்த ரூமுக்குள்ள போவாங்க. நான் இங்க எழுதப்போறது அந்த ஒரு பேச்ச எப்போ, எங்க, எந்த வார்த்தையில ஆரம்பிக்கறதுன்னுதான். லவ் பண்ணி கட்டிக்கறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும், ஆனா முன்னப்பின்ன பழக்கமில்லாத ரெண்டு பேருக்குத்தான் இது ரொம்ப அவசரமா தேவைப்படுதுங்கறதால அவங்கள மனசுல வச்சுதான் எழுதறேன்.

முதல்ல கம்ஃபர்ட் லெவல், பவுண்டரின்னு எல்லாரும் சொல்றாங்களே அது என்னன்னு பாத்துடலாம். இந்த ஆள் கூட, இந்த இடத்துல, இன்னைக்கு, என் உடம்பு எது வரைக்கும் பதறாம இருக்கும்ங்கறதுதான் கம்ஃபர்ட் லெவல். ஆள், இடம், நாள் மூணுல எது மாறினாலும் அந்த அளவு மாறும். தியேட்டர்ல கைய புடிச்சுக்க தயங்காத பொண்ணு சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல கைய உதறிடுவா, ஏன்னா அங்க எதிர்க்க பெரியப்பா வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு படபடப்பு இருக்கும். நேத்து கட்டிப்புடிச்சது பிடிச்சிருந்துச்சு, இன்னைக்கு வயித்து வலி, யாரும் பக்கத்துல வரவேண்டாம்னு இருக்கும். அது நடிப்பு கிடையாது, ஆள புடிக்காம போயிட்டதும் கிடையாது. பவுண்டரின்னா அந்த அளவ வாய்விட்டு சொல்றது, "இது வரைக்கும் எனக்கு ஓகே, இதுக்கு மேல இப்போ வேண்டாம்"னு. உடம்புக்கு தெரிஞ்சது வாய்க்கு வரலன்னா எதிர்ல இருக்கறவருக்கு அது தெரிய வழியே இல்ல, கேக்காம விட்டா சொல்றதுக்கு இவங்களுக்கு தைரியம் வராது, அதனால சொல்றதும் கேக்கறதும் சேந்தே நடக்கணும்.

பேசறதுக்கு முன்னாடி தனியா உக்காந்து மனசுக்குள்ள மூணா பிரிச்சு பாத்துக்கறது நல்லது. இப்பவே ஓகே, கொஞ்ச நாள் போகட்டும் அப்புறம் பாக்கலாம், வேண்டவே வேண்டாம். கைய புடிக்கறது, தோள்ல கை போடறது, கட்டிப்புடிக்கறது, முத்தம், டிரஸ் மாத்தும்போது ரூம்ல இருக்கறது, லைட்ட போட்டு வைக்கறதா அணைக்கறதா, போட்டோ அனுப்பறது, உடலுறவு, இப்படி ஒவ்வொண்ணும் எதுல வருதுன்னு நமக்கே முதல்ல தெரியணும். பல பேருக்கு நடுவுல இருக்கற வகைதான் பெருசா இருக்கும். அத வெளிய சொல்லும்போது "வேண்டாம்"னு மொட்டையா வந்துடுது, கேக்கறவரு அத "எப்பவுமே வேண்டாம்"னு எடுத்துக்கறாரு. "இப்போ வேண்டாம், கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம்"னு முழுசா சொல்லிட்டா அந்த குழப்பமே வராது. இதுல ஆம்பளைங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கு, அவங்கள யாரும் கேக்கறதில்லங்கறதால இல்லன்னு ஆயிடாது.

இந்த பேச்ச ஆரம்பிக்க நல்ல இடம் ப்ரீ வெட்டிங் ஷூட்டுன்னு நான் சொல்லுவேன். இப்பல்லாம் நிறைய ஜோடிக்கு முதல் தொடுதலே அங்கதான் நடக்குது, அதுவும் முன்னப்பின்ன தெரியாத ஒரு போட்டோகிராபர் சொல்லி. காலைல ஆறு மணிக்கு பீச்சு, ரெண்டு கேமராக்காரங்க, ரிஃப்ளெக்டர் புடிக்கற ஒரு தம்பி, மேக்கப் அக்கா, துணைக்கு வந்த பொண்ணோட அண்ணன், இத்தனை பேர் பாத்துட்டு நிக்க "ப்ரோ இன்னும் கிட்ட வாங்க, இடுப்புல கை வைங்க, மேடம் அவர் கண்ண பாருங்க, அப்படியே நெத்தியில ஒரு கிஸ்"னு சொல்லிட்டே இருப்பாங்க. அங்க நின்னுக்கிட்டு வேண்டாம்னு சொல்றது யாருக்குமே கஷ்டம், காசு கட்டியாச்சு, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்னு நினைப்பாங்க. அதனால பேச்சு முந்தின வாரமே நடக்கணும். ஒரு உதாரணத்துக்கு பொண்ணு திருநெல்வேலி, பையன் ஈரோட்டுக்காரரு, பெங்களூர்ல வேலைன்னு வச்சுக்கலாம், நிச்சயம் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு, ரெண்டு பேரும் இன்னும் நீங்க வாங்கன்னுதான் பேசிக்கறாங்க. போன்ல பேச்சு இப்படி போகலாம்.

"அந்த போட்டோகிராபர் அனுப்பின சாம்பிள்லாம் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க, நல்லாதான இருந்துச்சு. ஏன்?"

"இல்ல, அதுல தூக்கற மாதிரி, இடுப்ப புடிக்கற மாதிரிலாம் இருக்கு. கைய புடிச்சுக்கறது, தோள்ல சாஞ்சுக்கறதுலாம் எனக்கு ஓகேதான். தூக்கறது, முத்தம் குடுக்கறது இப்போ வேண்டாம். அத்தனை பேர் முன்னாடின்னா எனக்கு உடம்பே கூசிரும்."

"சரிங்க, அவர்கிட்ட நான் முன்னாடியே சொல்லிர்றேன். நெசமா சொன்னா எனக்கும் அந்த தூக்கற போட்டோ வேண்டாம்னுதான் இருந்துச்சு, நீங்க ஆசப்படுவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்."

இந்த நாலு வரியில என்னென்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் நின்னு பாருங்க. அவ எது ஓகேங்கறத முதல்ல சொன்னா, அதனால அவருக்கு நம்மள ஒதுக்கறாளோன்னு தோணல. அப்புறம் எது வேண்டாமோ அத பேர் சொல்லியே சொன்னா, "ஒரு மாதிரி இருக்கு, டீசண்டா எடுத்தா நல்லாருக்கும்"னு சுத்தி வளைச்சிருந்தா அவர் ஒண்ண புரிஞ்சுக்கிட்டு போட்டோகிராபர்கிட்ட வேற ஒண்ண சொல்லியிருப்பாரு. காரணம் ஒரே வரியில முடிஞ்சுது, அது கூட கட்டாயம் கிடையாது. அவர் பக்கம் பாத்தா ஏன் எதுக்குன்னு குடையல, மூணாவது ஆள்கிட்ட சொல்ற வேலைய தானே எடுத்துக்கிட்டாரு, அதோட தன்னோடதையும் சொன்னாரு. அவ முதல்ல சொன்னதாலதான் அவருக்கு வாய் திறந்துச்சு, இது அடிக்கடி நடக்கற விஷயம், ஒருத்தர் ஆரம்பிச்சா இன்னொருத்தர் மனசுல அடைச்சு வச்சிருந்தது தானா வந்துடும்.

ஷூட் அன்னைக்கு போட்டோகிராபர் மறந்துட்டு "ஒரே ஒரு ஷாட் ப்ரோ"ன்னு கேக்கத்தான் செய்வாரு. அதுக்கு ஒரு சைகைய முன்னாடியே பேசி வச்சுக்கலாம், கைய ரெண்டு தடவ அழுத்தினா போதும்னு அர்த்தம், உடனே மத்தவரு "அண்ணா இது வேண்டாம், அடுத்தது எடுத்துக்கலாம்"னு முடிச்சு வச்சுடணும், ஏன்னு அங்க நின்னு கேக்கக்கூடாது. இந்த சைகை அன்னைக்கு ஒரு போட்டோவுக்கு உதவினா கூட அதோட மதிப்பு பின்னாடிதான் தெரியும், நான் கைய அழுத்தினேன் அவர் நிறுத்திட்டாருன்னு அவளுக்கு ஒரு அனுபவம் கிடைச்சிடுச்சுல்ல, கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்த சொல்றதுக்கு அதுதான் தைரியம் குடுக்கும்.

நிச்சயம் ஆனதுக்கு அப்புறம் வர்ற இன்னொரு நெருக்கடி "இனி என்ன, எப்படியும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்ல" அப்படிங்கற வரி. கார்ல முத்தம், வெளியூர்ல ரூம், ராத்திரி வீடியோ கால்ல ஒரு போட்டோன்னு இந்த வரிய வச்சு கேக்கறாங்க. நிச்சயதார்த்தம் ரெண்டு குடும்பம் தட்டு மாத்திக்கிட்டது, அதுல யாரும் யாரோட உடம்புக்கும் சம்மதம் குடுக்கல. இதுக்கு பதில் சொல்ல கோவப்படவே வேண்டாம், "எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடி இது வேண்டாம்ங்க, கைய புடிச்சுக்கலாம், நிறைய பேசலாம்"னு சொன்னா போதும், திருப்பி கேட்டா அதே வரிய அதே மாதிரி திருப்பி சொல்லலாம், புதுப்புது காரணம் தேட ஆரம்பிச்சா ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சமாதானம் வந்துட்டே இருக்கும். ரெண்டாவது தடவ சொன்னதுக்கு அவர் எப்படி நடந்துக்கறாருங்கறத நல்லா கவனிங்க, கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயத்துல அது ஒண்ணு. போட்டோ விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்லிடறேன், அனுப்பினத திரும்ப வாங்கவே முடியாது, அதனால கேக்கறவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேண்டாம்னு வச்சுக்கறது தப்பே இல்ல.

இப்போ அந்த ராத்திரிக்கு வருவோம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, பத்திரிகை வைக்கற அலைச்சல் கொஞ்சம் அடங்கினதும், ஒரு அரை மணி நேர போன் இதுக்குன்னே ஒதுக்கணும். ஏன் அந்த ரூமுக்குள்ள போனதுக்கு அப்புறம் பேசக்கூடாதான்னு கேட்டா, பேசலாம், ஆனா அங்க போகும்போது ரெண்டு பேரும் சரியா தூங்கி ரெண்டு நாள் ஆயிருக்கும், விடிகாலை முகூர்த்தத்துக்கு நடு ராத்திரியே எழுப்பி தலை பின்னி விட்டுருப்பாங்க, மேடைல மணிக்கணக்கா நின்னு கால் வீங்கியிருக்கும், ஹோமப் புகையில கண்ணு எரியும், வெளிய ஹால்ல சித்தி அத்தை எல்லாம் பாய் விரிச்சு படுத்துருப்பாங்க, சத்தமா பேசக்கூட தயக்கம். புதுசா ஒரு கஷ்டமான பேச்ச ஆரம்பிக்கற நிலைமையில ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்க. போன்ல முகம் தெரியாதுங்கறதே இங்க ஒரு வசதி, சொல்ல கூச்சமா இருக்கறது குரல்ல சுலபமா வந்துடும். அதுவும் முடியலன்னா வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்பிட்டு அப்புறம் பேசுங்க.

என்ன பேசணும்னா, முதல்ல அன்னைக்கு ராத்திரி எதிர்பார்ப்பு என்னன்னு. "அன்னைக்கு நாம ரெண்டு பேரும் ரொம்ப டயர்டா இருப்போம், எனக்கு பேசிட்டு தூங்கினா போதும்னு இருக்கு, உங்களுக்கு எப்படி?"ன்னு கேக்கலாம், இந்த கேள்விய பையன் கேட்டா பொண்ணுக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கும்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டாவது, குழந்தைய பத்தி. உடனே வேண்டாம்னா எந்த முறையில தள்ளிப்போடறது, காண்டம் யாரு வாங்கி வைக்கறது, டாக்டர போய் பாக்கணுமா, இதெல்லாம் அன்னைக்கே பேசி முடிச்சுடணும். மூணாவது பீரியட்ஸ். முகூர்த்த தேதிக்காக நிறைய வீட்ல தள்ளிப்போடற மாத்திரை வாங்கி குடுக்கறாங்க, அத நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல ரத்தப்போக்கு ஆரம்பிக்கறதுதான் வழக்கம், அதாவது கல்யாணம் முடிஞ்சு விருந்துக்கு போற நேரமா பாத்து வரும். அவருக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவ அந்த நாள்ல ஒதுங்கறத வேற மாதிரி நினைச்சுக்க மாட்டாரு. இந்த மாத்திரைய டாக்டர்கிட்ட கேக்காம கடைல வாங்கி போடாதீங்க, எல்லார் உடம்புக்கும் அது ஒத்துக்காது. நாலாவதா, காலைல கதவ திறந்ததும் கிண்டலா கேக்கறவங்களுக்கு என்ன பதில்னு. "நல்லா தூங்கினோம் அத்தை"ங்கறத தாண்டி யாருக்கும் எதுவும் சொல்றதில்லன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும், பையன் ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல எழுதறதும் இதுல சேத்தி.

முதல் ராத்திரியே எல்லாம் நடந்தாகணும்ங்கறத பெரியவங்க காலத்துலேந்து வர்ற வழக்கம்னு சொல்லிக்கறவங்க இருக்காங்க. வைதீக முறைப்படி கல்யாணம் பண்றவங்களுக்கு வீட்டுச் சடங்குகள சொல்ற பழைய கிருஹ்ய சூத்திரங்கள்லயே கல்யாணம் ஆன முதல் மூணு ராத்திரி ரெண்டு பேரும் சேராம தரையில படுக்கணும்னு விதி இருக்கு. அதே மாதிரி நம்ம சங்கப் பாட்டுலயும், அகநானூறு 86ல, ஒரு முதல் ராத்திரி வருது, பொண்ணு புதுத்துணிய போத்திக்கிட்டு சுருண்டு படுத்திருக்கா, அவன் ஆசையா அவ முகத்துல இருக்கற துணிய விலக்கறான், அவ பயந்து பெருமூச்சு விடறா. அவன் அந்த பெருமூச்ச கவனிச்சு, உன் மனசுல என்ன ஓடுதோ அத ஒண்ணு விடாம சொல்லுன்னு கேக்கறான். எனக்கு அந்த இடம் ரொம்ப பிடிக்கும், ஏன்னா அவ வேண்டாம்னு சொல்லவே இல்ல, மூச்சுதான் மாறுது, அதுக்கே அவன் கேட்டுட்டான்.

அந்த மூச்சு விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும். பயம் வந்தா உடம்பு சண்டை போடும் இல்லன்னா ஓடும்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், மூணாவதா ஒண்ணு இருக்கு, அப்படியே உறைஞ்சு போறது. கை கால் அசையாது, குரல் எழும்பாது, மனசு எங்கயோ போயிடும், இத யாரும் வேணும்னு பண்றதில்ல, மூளை தானா பண்றது. இது தெரியாததால "அவ ஒண்ணும் சொல்லலையே, சும்மாதான இருந்தா"ன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. சும்மா இருந்தத சம்மதம்னு எடுத்துக்க முடியாது. வெட்கம் வேற, பயம் வேற, எப்படி கண்டுபுடிக்கறதுன்னா வெட்கப்படறவங்க முகத்த திருப்பினாலும் கொஞ்ச நேரத்துல அவங்களே திரும்பி பாப்பாங்க, கைய விலக்கினாலும் விரல விடாம புடிச்சிருப்பாங்க, சிரிப்பு இருக்கும், பதிலுக்கு ஏதாவது பேசுவாங்க. பயந்தவங்க தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும், மூச்ச புடிச்சு வச்சிருப்பாங்க, பெட்ஷீட்ட இறுக்கமா புடிச்சிருப்பாங்க, கேட்டதுக்கெல்லாம் "ம்" மட்டும் வரும், கண்ணு ஃபேனயே பாத்துட்டு இருக்கும், நீங்க தொட்டா அவங்க பதிலுக்கு தொட மாட்டாங்க. இதுல ஒண்ணு தெரிஞ்சாலே கைய எடுத்துட்டு எழுந்து உக்காந்து தண்ணி குடுங்க. சந்தேகமா இருந்தா கேளுங்க, கேக்கறதும் "ஓகேவா?"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பழக்கத்துல "ம், ஓகே"ன்னுதான் வரும், "இப்படியே இருக்கலாமா, இல்ல நிறுத்திட்டு பேசிட்டு இருக்கலாமா?"ன்னு ரெண்டு வழிய காட்டி கேளுங்க, நிறுத்தறதுக்கு அதுல இடம் இருக்கறதால உண்மையான பதில் வரும்.

வேண்டாம்னு ஒரு பதில் வந்ததும் அடுத்த ஒரு நிமிஷம் என்ன நடக்குதுங்கறதுதான் இந்த உறவுல அடுத்த தடவ உண்மைய பேசுவாங்களா மாட்டாங்களாங்கறத முடிவு பண்ணுது. "அப்போ என்ன புடிக்கலையா?"ன்னு கேட்டா அவ உங்கள சமாதானப்படுத்தற வேலைய தலைல போட்டுக்கிட்டு தன் பயத்த மறைச்சுப்பா. "முன்னாடி யாராவது இருந்தாங்களா?"ன்னு கேட்டா அந்த ஒரு கேள்விய வருஷக்கணக்கா மறக்க மாட்டா. பேசாம திரும்பி படுத்து பெருமூச்சு விடறது, மறுநாள் சாப்பாட்டுல முகம் காட்டறது, இதெல்லாம் வாய் திறக்காமலே கட்டாயப்படுத்தறதுதான், அடுத்த ராத்திரி அவ சம்மதிச்சா அது அந்த முகத்துக்கு பயந்து குடுத்த சம்மதம். அதுக்கு பதிலா "சரி, சொன்னது நல்லதா போச்சு, இங்க வா, பேசிட்டு இருக்கலாம்"னு சொல்லிட்டு நிஜமாவே வேற ஏதாவது பேசுங்க, கல்யாணத்துல எந்த மாமா பந்தில சண்டை போட்டாருன்னு பேசறதுக்கு எவ்வளவோ இருக்கும். மனசுக்கு ஏமாத்தமா இருந்தா அத மறைக்க வேண்டாம், "எனக்கு கொஞ்சம் ஏமாத்தமாதான் இருக்கு, ஆனா அவசரம் இல்ல"ன்னு சொல்றது நேர்மையான வார்த்தை.

பையன் பக்கம் இருந்து வேண்டாம்னு வந்தா பொண்ணுங்களும் இத அப்படியே திருப்பி போட்டு பாத்துக்கணும். அவருக்கும் இது முதல் தடவையா இருக்கலாம், பதட்டத்துல உடம்பு ஒத்துழைக்காம போறது ரொம்ப சாதாரணம், அதுக்கு காரணம் களைப்பும் பயமும்தான், ஒரு ராத்திரிய வச்சு ஆண்மைக்குறைன்னு முடிவு கட்டறது அபத்தம். அத அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ மறுநாள் போன் போட்டு சொல்லாதீங்க, அவர் அந்த நம்பிக்கைய திரும்ப வைக்க ரொம்ப நாள் ஆகும்.

பழக்கமில்லாத ரெண்டு உடம்பு பழகறதுக்கு படிப்படியா ஒரு முறை இருக்கு, மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தம்பதிகளுக்கான சிகிச்சைல கொண்டுவந்தது, 1970ல வெளிய வந்துச்சு, இன்னைக்கும் பாலியல் சிகிச்சை குடுக்கறவங்க பயன்படுத்தறாங்க. அத புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு ஏத்த மாதிரி சுலபமாக்கி சொல்றேன். முதல் கட்டத்துல உடலுறவு கிடையாதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே முடிவு பண்ணிடணும், மார்பு, பிறப்புறுப்பு ரெண்டையும் தொடறதும் கிடையாது. ஒருத்தர் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் தொடுவாங்க, கை, முதுகு, தலைமுடி, பாதம்னு, இன்னொருத்தர் எது நல்லாருக்கு, எது கூசுது, எது வேண்டாம்னு மட்டும் சொல்லணும், அப்புறம் மாத்திக்கணும். துணிய கழட்டணும்னு கூட அவசியம் இல்ல. இது கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா இது வேலை செய்யற விதம் இதுதான்: அடுத்து என்ன நடக்குமோங்கற பயத்துலதான் உடம்பு இறுகுது, அடுத்தது எதுவும் நடக்காதுன்னு உறுதியா தெரிஞ்சதும் அந்த இறுக்கம் விடுது, அப்போதான் தொடுறது இதமா இருக்கறதே உடம்புக்கு தெரிய வரும். சில நாள் இப்படி போய், ரெண்டு பேரும் இது போதாதுன்னு அவங்களா சொன்னா அடுத்த கட்டம். ஒருத்தருக்கு மட்டும் தோணினா பத்தாது. நடுவுல "இன்னைக்கு நல்லா போகுதே"ன்னு முடிவ மீறினா மறுநாள் அந்த உறுதிக்கு மதிப்பு இருக்காது, இந்த முறை கெட்டுப்போறது எப்பவும் அந்த இடத்துலதான்.

வலிய பத்தி. முதல் தடவ ரத்தம் வந்தாதான் கன்னின்னு இன்னும் நம்பறவங்க இருக்காங்க, அது தப்பு. கன்னித்திரைங்கறது வளைஞ்சு குடுக்கற ஒரு சின்ன திசு, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், நிறைய பேருக்கு முதல் தடவ ரத்தமே வராது. கன்னித்தன்மைய கண்டுபுடிக்க எந்த மருத்துவ பரிசோதனையும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2018லயே தெளிவா சொல்லிடுச்சு. அதே மாதிரி பொண்ணுன்னா வலிய பொறுத்துக்கணும்ங்கறதும் தப்பு. வலிச்சா அங்கேயே நிறுத்தணும். ஒவ்வொரு தடவ முயற்சி பண்ணும்போதும் உள்ள சுவர் மாதிரி அடைச்சுக்குது, தொடை தானா சேந்துக்குது, எரியுதுன்னா அது வஜைனிஸ்மஸா இருக்கலாம், யோனிய சுத்தி இருக்கற தசைங்க அவங்கள கேக்காமலே இறுகிக்கறது. மனசு சரின்னு சொன்னாலும் தசை கேக்காது, அதனால "நீ ரிலாக்ஸா இருந்தா சரியாயிடும்"னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல, திரும்ப திரும்ப வலியோட முயற்சி பண்ணா தசை இன்னும் அதிகமாதான் இறுகும். மகப்பேறு மருத்துவர பாத்தா தசைக்கான பிசியோதெரபி, தசைய மெதுவா பழக்க உள்ள வைக்கற, படிப்படியா அளவு கூடற டைலேட்டர்ங்கற கருவி, கவுன்சிலிங்னு சிகிச்சை இருக்கு, பெரும்பாலும் நல்லாவே குணமாகுது. ரெண்டு பேரும் சேந்து போங்க, ஒரு வருஷம் ஆகியும் குழந்தை இல்லன்னு வீட்ல கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் நிறைய பேர் முதல் தடவையா டாக்டர்கிட்ட வாய் திறக்கறாங்க, அவ்வளவு நாள் ரெண்டு பேரும் அத தனித்தனியா சுமந்துட்டு இருந்திருப்பாங்க.

அந்த உதாரண ஜோடிக்கே திரும்ப வந்தா, கல்யாணம் ஆகி மூணு வாரம், பெங்களூர்ல தனிக்குடித்தனம், இப்போ ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு தூங்கறாங்க, முத்தம் பழகிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது அவர் கேக்கறாரு, "நாம இப்போ இருக்கற மாதிரி இருக்கறது உனக்கு எப்படி இருக்கு? ஏதாவது மாத்தணுமா?" அவ கொஞ்சம் யோசிச்சிட்டு, "காலைல நீங்க பின்னாடி வந்து திடீர்னு கட்டிப்புடிக்கறீங்கள்ல, அடுப்பு முன்னாடி நிக்கும்போது, அது எனக்கு திக்குனு ஆயிருது. குரல் குடுத்துட்டு வாங்க. ராத்திரி இருக்கறதெல்லாம் நல்லாதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாலும் சரின்னுதான் இருக்கு." இது மாதிரி ஒரு பேச்சு படுக்கைய விட்டு வெளிய, பகல்ல, எதுவும் உடனே நடக்கப்போறதில்லங்கற நேரத்துல நடக்கறதாலதான் ரெண்டையும் அவளால சொல்ல முடிஞ்சுது, ஒண்ணு வேண்டாம், ஒண்ணு வேணும். வேணும்ங்கறத சொல்றது நம்ம ஊர் பொண்ணுங்களுக்கு வேண்டாம்ங்கறத விட கஷ்டம், அது வெளிய வரணும்னா வேண்டாம் சொன்னப்போ மதிச்சிருக்கணும். அன்னைக்கு ராத்திரி அவ மனசு மாறி இன்னைக்கு முடியலன்னாலும் மத்தியானம் சொன்னத காட்டி "நீதான சொன்ன"ன்னு கேக்கக்கூடாது, ஒரு தடவ சொன்ன சரிய எப்போ வேணும்னாலும், நடுவுலயும் கூட, திரும்ப எடுத்துக்கலாம்.

பேசியும் கேக்காதவங்க இருக்காங்க. தெளிவா வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் தொடறது, கதவ தாழ் போட்டு மிரட்டறது, தூங்கும்போது தொடறது, அடிக்கறது, இதெல்லாம் இன்னும் நல்லா பேசினா சரியாகற விஷயம் இல்ல, அதுக்கு பேசற முறைய மாத்தி பாக்கணும்னு அவ தன்னையே குறை சொல்லிக்க வேண்டாம். சட்டம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. இப்போ இருக்கற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 63ம் பிரிவுல புருஷன் 18 வயசு நிறைஞ்ச பொண்டாட்டிகிட்ட நடந்துக்கறத பாலியல் வன்புணர்வுன்னு எடுத்துக்கறதில்லங்கற விதிவிலக்கு இருக்கு, இது மாறணும்னு நான் மனசார நினைக்கறேன். ஆனா அதனால அவளுக்கு வழியே இல்லன்னு ஆயிடாது. 2005ம் வருஷ குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல பாலியல் கொடுமையும் சேத்தி, அவளோட மானத்த குலைக்கற எந்த பாலியல் நடத்தையும் அதுல வரும், புருஷன் பண்ணாலும். மாவட்ட பாதுகாப்பு அலுவலர்கிட்ட அவளோ அவளுக்காக வேற யாராவதோ புகார் குடுக்கலாம், மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை போடலாம், அந்த வீட்லயே தங்கறதுக்கு உரிமையும் வாங்கலாம். 181ங்கற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், பேர் சொல்ல தயக்கமா இருந்தா என்ன நடக்குதுங்கறத மட்டும் சொல்லி அடுத்து என்ன பண்ணலாம்னு முதல்ல கேட்டுக்கலாம்.